ரத்ததான முகாமில் வருகிறவர்களை வரவேற்பது எப்படி: வாசலில் நிற்கும் தன்னார்வலருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் தடவை தன்னார்வலராக வருகிறவரைப் பெரும்பாலும் வாசலில்தான் நிறுத்துவார்கள். ஊசி போடத் தெரிய வேண்டாம், பிபி பார்க்கத் தெரிய வேண்டாம், வருகிறவர்களுக்கு வணக்கம் சொன்னால் போதும் என்ற கணக்கு. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பிறகு புதிதாக வந்த பலரை அதே வாசலில் நிறுத்திப் பார்த்ததில், எல்லோரும் தடுமாறுகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. உட்கார வைப்பதற்கு முன்பே படிவத்தை நீட்டுவார்கள். சாப்பிட்டாரா என்று கேட்காமலே வரிசையில் அனுப்பிவிடுவார்கள். டாக்டர் சொல்ல வேண்டியதை வாசலிலேயே சொல்லி ஆளைத் திருப்பி விடுவார்கள். மனது நல்ல மனதுதான், வரிசைதான் மாறிப்போகிறது.

கல்யாண மண்டபத்திலோ கல்லூரி ஹாலிலோ காலை 9 மணி முதல் மதியம் 1 மணி வரை நடக்கிற, 60 பேர் அளவுக்கு வருகிற முகாமை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன், கட்டில், குளிர்ப்பெட்டி எல்லாம் ரத்த வங்கியோடு வந்துவிடும். வாசல், நாற்காலி, தண்ணீர், டிபன், வழி காட்டுவது ஆகியவை நம் தலையில்.

1. முந்தின நாள் மாலை, நீங்களே ஒரு டோனராக நடந்து பாருங்கள்

பந்தல், பேனர் கட்டுகிற நேரத்தில் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். பஸ் நிறுத்தத்தில் இறங்கி மண்டபத்தைத் தேடி வருகிற ஆள் போல வெளியிலிருந்து உள்ளே நடந்து வாருங்கள். செருப்பை எங்கே விடுவது, பைக்கை எங்கே நிறுத்துவது, எந்தக் கதவு திறந்திருக்கும், கழிப்பறை எந்தப் பக்கம் என்று நான்கு கேள்விகளுக்கு நின்ற இடத்திலேயே பதில் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காத இடத்தில் மறுநாள் ஒரு ஆள் நிற்க வேண்டும், அல்லது ஒரு அட்டை தொங்க வேண்டும்.

அடுத்து, உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் ஒன்றா என்று பாருங்கள். முடிந்தால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். காரணம் கூட்ட நெரிசல் மட்டுமில்லை. டாக்டர் 'இன்று வேண்டாம்' என்று சொன்ன ஒருவர், தன் நண்பர்கள் உட்கார்ந்திருக்கிற வரிசையைக் கடந்துதான் வெளியே போக வேண்டும் என்றால், அந்த இருபது அடி அவருக்கு மிக நீளமான தூரம். அடுத்த முகாமுக்கு அவர் வரமாட்டார்.

காத்திருப்பவர்கள் உட்காரும் இடத்திலிருந்து கட்டில்கள் தெரியக் கூடாது. முதல் தடவை வந்தவர் அரை மணி நேரம் அடுத்தவர் கையில் குழாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால், தன் முறை வருவதற்குள் பாதி பலம் போய்விடும். ஒரு துணித் திரையோ, நாற்காலியைத் திருப்பிப் போடுவதோ போதும்.

2. மேசையில் இருக்க வேண்டியவை

படிவம், பேனா என்று எல்லோரும் எழுதி வைத்திருப்பார்கள். மறந்து போகிறவற்றைச் சொல்கிறேன். கிளிப் அட்டை 10 வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் மேசையிலேயே குனிந்து எழுதுவார்கள், பக்கத்து ஆள் படிப்பார். பேனா 20 வையுங்கள், மதியத்துக்குள் பாதி காணாமல் போகும். படிக்கிற கண்ணாடி ஒன்று வேண்டும். ஐம்பதைத் தாண்டிய பலர் வீட்டில் கண்ணாடியை வைத்துவிட்டு வருவார்கள், அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு படிவத்தைப் படிக்காமலே டிக் அடித்துவிடுவார்கள். மேசையில் கண்ணாடி கிடந்தால் அவர்களே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

டிபன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரித்து வையுங்கள். எதற்கு என்று 9-ஆவது பகுதியில் வருகிறேன்.

இன்னொன்று, வாசல் பேனரில் 'இலவச ரத்தப் பரிசோதனை' என்று போட யாராவது ஆசைப்பட்டால் தடுத்துவிடுங்கள். எடுக்கிற ஒவ்வொரு யூனிட்டையும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்துக்கும் சோதிப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் தனக்கு ஏதாவது தொற்று இருக்குமோ என்ற சந்தேகத்தில் சோதித்துப் பார்க்கவே ரத்தம் கொடுக்க வருவது ஆபத்து. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் சோதனையில் அது தெரியாமல் போகலாம். யாராவது தயங்கித் தயங்கி அப்படிக் கேட்டால், குரலைத் தாழ்த்தி, அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் இலவசமாக, ரகசியமாகப் பார்ப்பார்கள் என்று சொல்லுங்கள். மேற்கொண்டு ஒரு கேள்வியும் வேண்டாம்.

3. வாசலில் முதல் அரை நிமிடம்

கூட்டமாக நின்று கும்பிடுவதும் பன்னீர் தெளிப்பதும் கல்யாணத்துக்குச் சரி. இங்கே ஐந்து பேர் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு வாசலை அடைத்து நின்றால், தயங்கித் தயங்கி வருகிறவர் ரோட்டிலேயே திரும்பிவிடுவார். வாசலில் ஒருவர் போதும். அவரும் கதவுக்கு நேராக நிற்காமல் ஒரு பக்கமாக நிற்க வேண்டும்.

முதல் வாக்கியம் "வாங்க, உள்ள வந்து உட்காருங்க" என்று இருக்கட்டும். "ரத்தம் குடுக்க வந்தீங்களா?" என்று ஆரம்பிக்காதீர்கள். இது பலருக்கும் வியப்பாக இருக்கும், ஆனால் வருகிறவர்களில் கணிசமானவர்கள் துணைக்கு வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், இன்னும் முடிவு செய்யாதவர்கள். அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். "ஆமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் பயத்தில் வியர்ப்பார்கள். உட்கார்ந்த பிறகு "கூட யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று கேளுங்கள். யார் கொடுக்க வந்தது, யார் துணை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

எப்படிக் கூப்பிடுவது என்று தடுமாற வேண்டாம். உங்கள் ஊரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே அண்ணே, அக்கா, ஐயா, அம்மா, தம்பி. ஆனால் பதினெட்டு வயதுப் பையனாக இருந்தாலும் 'வா, போ' வேண்டாம். அவன் இன்று சொந்தமாக ஒரு முடிவெடுத்து வந்திருக்கிறான், அதற்குரிய 'ங்க' அவனுக்கு உண்டு.

உட்கார்ந்ததும், கேட்பதற்கு முன்பே, மொத்தப் பாதையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்: "இங்க ஒரு படிவம் எழுதுவீங்க. அங்க எடை, பிபி பாத்து விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாங்க. டாக்டர் பேசுவாரு. அவரு சரின்னா கட்டில்ல பத்து நிமிஷம். அப்புறம் ஜூஸ் குடிச்சுட்டு கால் மணி நேரம் உக்காந்துட்டுப் போலாம். மொத்தம் ஒரு மணி நேரம் வெச்சுக்குங்க. எந்த இடத்துலயும் வேண்டாம்னு தோணினா சொல்லிட்டுக் கிளம்பலாம்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அதைச் சொன்னதால் எழுந்து போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சொன்ன பிறகு தோள் இறங்கி, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

4. படிவத்துக்கு முன் சாப்பாடும் தண்ணீரும்

இந்த இரண்டு கேள்விகளையும் படிவம் கொடுப்பதற்கு முன் கேட்பது ஏன் என்றால், படிவத்தை எழுதி முடித்தவர் 'வேலை ஆரம்பித்துவிட்டது' என்ற எண்ணத்தில் இருப்பார். அப்போது போய் சாப்பிட்டு வரச் சொன்னால் திருப்பி அனுப்புவதாக நினைப்பார், அல்லது சாப்பிட்டேன் என்று பொய் சொல்லுவார்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் நம் ஊரில் எல்லோரும் "ஆச்சு" என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்கிற பதில். "காலைல என்ன டிபன், எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். உண்மை வெளியே வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாமில் நடந்ததைச் சொல்கிறேன். 10 மணி வாக்கில் மூன்று கல்லூரிப் பையன்கள் வந்தார்கள். ஒருவன் சத்தமாகப் பேசிக்கொண்டு முன்னால், ஒருவன் சிரித்துக்கொண்டு நடுவில், ஒல்லியாக ஒருவன் பின்னால். "என்ன டிபன் தம்பி?" என்று கேட்டதற்கு நடுவில் இருந்தவன் "டீ குடிச்சேண்ணே" என்றான். முந்தின ராத்திரி சாப்பிட்டதோடு சரி, காலையில் ஒரு டீ. வெறும் வயிற்றோடு கட்டிலில் படுத்தால் மயக்கம் வருவதற்கு அதுவே போதும். இளம் வயது, முதல் தடவை என்பவை ஏற்கெனவே மயக்கத்துக்குச் சாதகமான விஷயங்கள்.

அவனிடம் "பக்கத்துக் கடைல நாலு இட்லி சாப்பிட்டு வாங்க, உங்க இடத்த நான் புடிச்சு வெக்கிறேன்" என்று சொல்லி, கிளிப் அட்டையில் அவன் பெயரை எழுதி அவன் கண் முன்னாலேயே நாற்காலியில் வைத்தேன். திரும்பி வருவதற்கு அது ஒரு பிடிமானம். 10.40-க்கு வந்தான். இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். படுப்பதற்கு முன் அரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடித்தால் மயக்கம் வருவது குறைகிறது. மேசையில் தண்ணீர் கேன் வைத்தால் போதாது. டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்தால்தான் குடிப்பார்கள்.

5. படிவம்: எதில் உதவலாம், எதில் கூடாது

பெயர், வயது, முகவரி, கடைசியாக எப்போது கொடுத்தார் என்பதில் தாராளமாக உதவுங்கள். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி, இனிஷியலோடு எழுதச் சொல்லுங்கள். செல்போன் எண்ணைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்காதீர்கள், குறிப்பாகப் பெண்களிடம். எழுதியதைக் காட்டி "சரியா இருக்கா?" என்றால் போதும். சோதனையில் ஏதாவது தெரிந்தால் ரத்த வங்கி அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடும் என்பதால் அதில் ஒரு இலக்கம்கூடத் தப்பக் கூடாது.

இரண்டாவது பாதியில் நோய்கள், மருந்துகள், மாதவிடாய், கர்ப்பம், உடலுறவு பற்றிய கேள்விகள் வரும். அங்கே உங்கள் கையும் கண்ணும் விலகிவிட வேண்டும். நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நீங்கள் வாசித்துக் காட்டி டிக் போடுவது உதவி போலத் தோன்றும். ஆனால் பக்கத்தில் மாமனார் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெண் எதற்கு 'ஆமாம்' என்பாள்? "இந்தப் பக்கத்த டாக்டர் உள்ள வெச்சுக் கேட்டுக்குவாங்க" என்று சொல்லி, அந்தப் பாதியைக் காலியாகவே விட்டு அனுப்புங்கள். முன்கூட்டியே டாக்டரிடம் இதைச் சொல்லி வைத்திருங்கள்.

பெண்களுக்கு ஒரு பெண் தன்னார்வலர் கட்டாயம் வேண்டும். மாதவிடாய் நாள்களில் எடுக்க மாட்டார்கள், பாலூட்டும் தாயிடமும் எடுக்க மாட்டார்கள். இதையெல்லாம் ஒரு ஆண் தன்னார்வலர் மேசையில் வைத்து விளக்க முயன்று அந்தப் பெண் முகம் சிவந்து எழுந்து போனதைப் பார்த்திருக்கிறேன். இறுக்கமான ரவிக்கைக் கை முழங்கைக்கு மேல் ஏறாது என்பதையும் பெண் தன்னார்வலர்தான் கவனித்துச் சொல்லுவார், ஒரு சால்வையும் எடுத்துக் கொடுப்பார்.

6. வாசலில் தீர்ப்பு சொல்லாதீர்கள்

நான் செய்த தப்பு இது. பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவர் மேசையில் உட்கார்ந்ததும் "சுகர் மாத்திரை போடுறேன், பரவால்லீங்களா?" என்று கேட்டார். நான் நிறையத் தெரிந்தவன் மாதிரி "சுகர் இருந்தா குடுக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மதியம் பேச்சுவாக்கில் டாக்டரிடம் சொன்னபோது, இன்சுலின் போடுகிறவரைத்தான் எடுக்க மாட்டோம், மாத்திரையில் கட்டுக்குள் இருந்து வேறு சிக்கல் இல்லாவிட்டால் பார்த்து எடுத்திருக்கலாமே என்றார். அந்த மனிதர் ஊருக்குப் போய் 'சுகர்காரனுக்கு ஆகாதாம்' என்று எத்தனை பேரிடம் சொன்னாரோ.

அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அளவுகள் கொஞ்சம்தான்: வயது 18 முதல் 65 வரை, எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவான எச்பி 12.5-க்குக் குறையக் கூடாது, ஆண்களுக்கு இரண்டு தானத்துக்கு இடையே 90 நாள், பெண்களுக்கு 120 நாள். யாராவது கேட்டால் இவற்றைச் சொல்லலாம். இவற்றைத் தாண்டி மாத்திரை, ஆபரேஷன், பல் பிடுங்கியது, பச்சை குத்தியது, டெங்கு வந்து போனது என எது வந்தாலும் பதில் ஒன்றுதான்: "டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவரு பாத்துச் சொல்லுவாரு. ரெண்டு நிமிஷம்தான்." சொல்ல வேண்டியதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லும்படி செய்தாலே உங்கள் வேலை முடிந்தது.

7. விரல் குத்தும் இடமும் காத்திருப்பும்

கையில் போடுகிற பெரிய ஊசியைவிட விரலில் குத்துகிற சின்ன ஊசிதான் சுள்ளென்று இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "இதுக்கே இப்படின்னா அதுக்கு எப்படி?" என்று பயந்துவிடுவார்கள்.

சில முகாம்களில் அந்தச் சொட்டை நீல நிறத் தண்ணீரில் விடுவார்கள். அது காப்பர் சல்பேட் கரைசல். சொட்டு நேராக மூழ்கினால் எச்பி போதுமான அளவு இருக்கிறது, மிதந்தால் குறைவாக இருக்கலாம் என்று பொருள். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது தலைகீழாகப் படும். 'மூழ்கிடுச்சே' என்று முகம் வாடிய ஒரு அக்காவிடம் "மூழ்கினாத்தான் நல்லதுக்கா" என்று சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பு, அன்று முழுக்க நான் சொன்ன எல்லா நன்றிகளையும்விட அந்த இடத்தை இளக வைத்தது.

காத்திருக்கும்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை யாராவது வந்து "உங்களுக்கு முன்னாடி இன்னும் மூணு பேர்" என்று சொல்ல வேண்டும். நேரம் நீண்டால்கூடப் பரவாயில்லை, எண்ணிக்கை தெரிந்தால் பொறுமை வரும். அரை மணி நேரத்தைத் தாண்டினால் இன்னொரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்.

8. கட்டில் பக்கத்தில்

நர்ஸ் அனுமதித்தால் மட்டும் போங்கள். ஒருவர் மட்டும். ஊசி போடுகிற கைக்கு எதிர்ப்பக்கத்தில் நில்லுங்கள். நீங்கள் பேசும்போது அவர் முகம் தானாக ஊசியை விட்டுத் திரும்பிவிடும். நண்பர்களைக் கட்டிலைச் சுற்றி நிற்க விடாதீர்கள், அவர்களில் ஒருவன் மயங்கி விழுந்து நர்ஸுக்கு இரட்டை வேலையாகும்.

"வலிக்கவே வலிக்காது" என்று சொல்லக் கூடாது. அது பொய், அடுத்த நொடியே தெரிந்துவிடும். பிறகு நீங்கள் சொல்கிற எதையும் அவர் நம்பமாட்டார். "ஏறும்போது சுருக்குன்னு இருக்கும், அப்புறம் தெரியாது. பந்தை அமுக்கி அமுக்கி விடுங்க" என்று சொல்லுங்கள். பையை ஆட்டுகிற மெஷின் இடையில் சத்தம் போடும். பெரும்பாலும் பை நிறைந்ததற்கோ ஓட்டம் குறைந்ததற்கோ அது. முன்பே சொல்லாவிட்டால் அவர் தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்.

பேச்சை ஆம், இல்லை என்று முடிகிற கேள்வியாக வைக்காதீர்கள். இட்லி சாப்பிட்டு வந்த பையனிடம் ஊர், விடுதிச் சாப்பாடு, எந்தப் பாடம் கஷ்டம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீளமாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர் பாதியில் நிறுத்தினால், கொட்டாவி விட்டால், மேலுதட்டில் வியர்வை பொடித்தால், காது அடைக்கிறது என்றால், அது மயக்கத்தின் முன்னறிவிப்பு. உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். அவன் கடைசி வரை விடுதிச் சாம்பாரைத் திட்டிக்கொண்டே இருந்தான். எட்டு நிமிஷத்தில் பை நிறைந்தது.

போட்டோ எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. படுத்திருப்பவரிடம் கேட்டால் அவரால் மறுக்க முடியாது. வேண்டுமானால் டிபன் மேசையில், எழுந்து உட்கார்ந்த பிறகு கேளுங்கள்.

9. கொடுத்து முடித்தவர்: டிபன் மேசை

புதியவர்கள் 'முடிந்தது' என்று கவனத்தை விடுகிற இடம் இதுதான். ஆனால் பலர் கட்டிலில் மயங்குவதில்லை, எழுந்து நடந்து வந்து நாற்காலியிலோ கழிப்பறையிலோ படிக்கட்டிலோ மயங்குகிறார்கள். அதனால் கட்டிலிலிருந்து மேசை வரை ஒருவர் கூடவே, கையைப் பிடிக்காமல், அரை அடி தூரத்தில் நடந்து வர வேண்டும். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வையுங்கள். ஜூஸ், பிஸ்கட், வெயில் நாளென்றால் உப்புப் போட்ட மோர். கால் மணி நேரம் ஆகும்வரை எழ விடாதீர்கள். "கடிகாரத்துல பெரிய முள் அங்க வர்ற வரைக்கும்" என்று ஒரு இடத்தைக் காட்டிவிட்டால் சண்டை இருக்காது.

அங்கே யாருக்காவது முகம் வெளுத்தால், நடக்க வைத்து கட்டிலுக்குக் கூட்டிப் போக முயலாதீர்கள். நடக்கும்போதுதான் விழுவார்கள். அங்கேயே பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, காலை நாற்காலி மேல் தூக்கி வைத்து, நர்ஸைக் கூப்பிடுங்கள். முழு நினைவு வரும்வரை வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. முகத்தில் தண்ணீர் தெளிப்பது, கையைத் தேய்ப்பது, பத்துப் பேர் சூழ்ந்து நிற்பது எதுவும் உதவாது. மற்றவர்கள் பார்க்காதபடி நீங்கள் முதுகைக் காட்டி நின்றாலே அவருக்குப் பெரிய உபகாரம். எழுந்ததும் அவர் முதலில் தேடுவது யாரெல்லாம் பார்த்தார்கள் என்பதைத்தான்.

10. 'இன்று வேண்டாம்' என்று சொல்லப்பட்டவர்

அந்த மூன்று பேரில் பின்னால் வந்த ஒல்லிப் பையனுக்கு எடை 43 கிலோ. டாக்டர் பொறுமையாக விளக்கித்தான் அனுப்பினார். ஆனால் அவன் திரையைத் தாண்டியதும், சத்தக்காரன் "என்னடா, காத்துல பறந்துட்டியா?" என்று கத்தினான். மண்டபமே சிரித்தது. அவன் நேராக வாசலுக்கு நடந்தான்.

இந்த நிமிஷத்துக்கு முன்பே ஒரு ஏற்பாடு வேண்டும். டாக்டரின் மேசையிலிருந்து வெளியே வருகிற எல்லோரையும், கொடுக்கிறவரானாலும் கொடுக்காதவரானாலும், ஒரே தன்னார்வலர் எதிர்கொள்ள வேண்டும். கொடுக்க முடியாதவரிடம் அவர் சொல்ல வேண்டியது: "வாங்க, ஜூஸ் குடிச்சுட்டுப் போங்க." அவ்வளவுதான். "ஏன் வேண்டாம்னாங்க?" என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து ஒருபோதும் வரக் கூடாது. எடை, எச்பி மாதிரி சொல்லக்கூடிய காரணமாகவும் இருக்கலாம், சொல்ல முடியாததாகவும் இருக்கலாம். நாலு பேரிடம் கேட்டு ஐந்தாவது ஆளிடம் கேட்காமல் விட்டால் அதுவே ஒரு பதிலாகிவிடும். பிஸ்கட், ஜூஸ், சான்றிதழ் கணக்குப் போடும்போதே, கொடுத்தவர்கள் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடாமல் வருபவர்கள் எண்ணிக்கையை வைத்து ஜூஸை வாங்கிவிடுங்கள்.

அன்று நான் வாசலில் அவனைப் பிடித்து, "தம்பி, டிபன் டேபிள்ல ஒரு ஆள் குறையுது, ஒரு மணி நேரம் நிக்க முடியுமா?" என்று கேட்டேன். உண்மையிலேயே குறைந்தது. அவன் நின்றான். இட்லி சாப்பிட்டு வந்த பையன் மேசைக்கு வந்தபோது அவனுக்கு ஜூஸ் ஊற்றிக் கொடுத்து, கடிகார முள்ளைக் காட்டியதும் இந்த ஒல்லிப் பையன்தான். எல்லோருக்கும் இது பொருந்தாது. சிலருக்குத் தனியாகப் போக விடுவதே மரியாதை. முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சத்தக்காரனைத் திட்டிப் பயனில்லை. வயதில் மூத்த ஒருவரை நண்பர் கூட்டங்களுக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டால் இந்த மாதிரிக் கிண்டல் பாதியாகக் குறைகிறது என்பதை அதற்குப் பிறகுதான் கண்டுகொண்டேன்.

11. வழியனுப்பும்போது

பேண்டேஜைச் சில மணி நேரம் எடுக்க வேண்டாம், அந்தக் கையால் இன்று கனமாக எதையும் தூக்க வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். இந்த மூன்று போதும், அதிகம் சொன்னால் ஒன்றும் நிற்காது. ரத்தம் கசிந்தால் கையைத் தூக்கிப் பஞ்சை ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பைக்கில் வந்தவரிடம் உடனே வெயிலில் கிளம்ப வேண்டாம், கூட வந்தவர் ஓட்டட்டும் என்று சொல்லுங்கள். வீட்டுக்குப் போன பிறகு தலை சுற்றினால் எங்கே நின்றாலும் அங்கேயே படுத்துக்கொள்ளச் சொல்லி, ரத்த வங்கியின் எண் இருக்கும் சீட்டைக் கையில் கொடுங்கள்.

அடுத்து எப்போது என்று அவர் கேட்டால் தேதியைச் சொல்லலாம். அவர் கேட்காமல் நீங்களாகச் சொன்னால் கடன் வசூல் மாதிரி இருக்கும். வாசல் வரை கூடப் போய், செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளும்வரை நில்லுங்கள். குனிந்து நிமிரும்போதும் சிலருக்குத் தலை சுற்றும்.